19-வது எலக்ட்ரான் ஏன் 3d-க்குப் போகாமல் 4s-க்குப் போகிறது?

கணக்குப்பிள்ளை

பொண்ணு பதினொண்ணாவது படிக்கிறா. நான் காமர்ஸ் ஆளு, அவகூட உட்கார்ந்து அணு அமைப்பு பாடத்தைப் படிக்கிறேன். மூணு விஷயம் ஒண்ணோடொண்ணு ஒட்ட மாட்டேங்குது.

முதல்ல, ஹைட்ரஜன்ல எலக்ட்ரானோட ஆற்றலை n மட்டும்தான் முடிவு பண்ணுது, அதனால 3s, 3p, 3d மூணுக்கும் ஒரே ஆற்றல்னு இருக்கு. சரி. அடுத்த பக்கத்துல, பொட்டாசியத்தோட 19-வது எலக்ட்ரான் 3d காலியா இருக்கும்போதே அதை விட்டுட்டு 4s-க்குப் போகுது, ஏன்னா 4s-க்கு ஆற்றல் குறைவுன்னு இருக்கு. அதுவும் சரின்னு வெச்சுப்போம். அப்புறம் ஸ்காண்டியம் அயனியாகும்போது முதல்ல வெளிய போறது 4s எலக்ட்ரான்தானாம்.

பொண்ணு கேக்குறா: "ஆற்றல் குறைவுன்னா இறுக்கமா பிடிச்சிருக்குன்னுதானே அர்த்தம்? இறுக்கமா இருக்கறது எப்படிப்பா முதல்ல போகும்?" டியூஷன்ல கேட்டதுக்கு "எக்ஸாம்ல அப்படித்தான் எழுதணும்"னு சொல்லிட்டாங்களாம். எனக்கும் அவ கேக்குறதுல தப்பு தெரியல.

மலைக்கோட்டை வாத்தியார்

முப்பது வருடம் மேல்நிலை வகுப்புக்கு வேதியியல் எடுத்தவன் என்பதால் சொல்கிறேன். இதற்கு n + l விதி இருக்கிறது. 4s-க்கு 4 + 0 = 4. 3d-க்கு 3 + 2 = 5. கூட்டுத்தொகை குறைந்தது முதலில் நிரம்பும். இரண்டுக்கும் ஒரே தொகை வந்தால் n குறைந்தது முதலில். அயனியாகும்போது மட்டும் n அதிகமுள்ள, வெளியே இருக்கிற கூட்டிலிருந்து போகும்.

பஸ்ஸில் சீட் பிடிப்பதைப் போல நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வசதியான சீட் முதலில் நிரம்பும். இறங்கும்போது கதவுக்குப் பக்கத்தில் இருப்பவர் முதலில் இறங்குவார். பௌலி தவிர்க்கைத் தத்துவத்தின்படி ஒரு சீட்டில் இரண்டு பேருக்கு மேல் இல்லை. பரீட்சைக்கு இவ்வளவு போதும்.

கணக்குப்பிள்ளை

நன்றிங்க சார். விதி புரியுது. ஆனா ஏன் n-ஐயும் l-ஐயும் கூட்டணும்? ஹைட்ரஜன்ல l-க்கு வேலையே இல்லைன்னு சொல்லிட்டு, பொட்டாசியத்துல திடீர்னு அதைக் கொண்டுவந்து கூட்டுனா, நடுவுல என்ன நடந்துச்சுன்னு கேப்பாளே.

நிறமாலை

உங்கள் மகள் சரியான இடத்தில்தான் கையை வைத்திருக்கிறாள். வாத்தியார் சொன்ன விதி பெரும்பாலும் பலிக்கும், ஆனால் அது காரணம் இல்லை. தனிமங்களைப் பார்த்த பிறகு எழுதிக்கொண்ட சுருக்கக் குறிப்பு அது.

ஹைட்ரஜனில் ஒரே ஒரு எலக்ட்ரான். அது பார்ப்பது ஒரே ஒரு புரோட்டானை. ஆற்றல் −13.6/n² எலக்ட்ரான் வோல்ட். n = 3 என்றால் 1.51 கட்டுண்ட ஆற்றல், n = 4 என்றால் 0.85. l எதுவாக இருந்தாலும் இதே எண்தான் (மிக நுண்ணிய பிளவுகளை விட்டுவிடுவோம்). தூரத்துக்கு ஏற்ப 1/r என்று துல்லியமாகக் குறைகிற மின்னழுத்தம் இருந்தால் மட்டும் கிடைக்கும் சலுகை இது. அந்த 1/r-ஐ எது கெடுத்தாலும் 3s, 3p, 3d மூன்றும் பிரிந்துவிடும்.

பொட்டாசியத்தில் அதைக் கெடுப்பது உள்ளே உட்கார்ந்திருக்கும் 18 எலக்ட்ரான்கள். 19-வது எலக்ட்ரான் அந்த ஆர்கான் கூட்டுக்கு வெளியே இருக்கும்வரை, 19 புரோட்டான்களில் 18 மறைக்கப்பட்டு, அதற்குத் தெரிவது ஒரே ஒரு நேர்மின்சுமை. கூட்டுக்குள் எட்டிப் பார்த்தால் மறைப்பு குறைந்து இழுப்பு ஏறும். ஆக, யார் எவ்வளவு உள்ளே போகிறார்கள் என்பதுதான் மொத்தக் கேள்வியும்.

அதை அளந்தே பார்க்கலாம். பொட்டாசியத்தில் 4s எலக்ட்ரானைப் பிடுங்க 4.34 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். அதே எலக்ட்ரானை 3d-யில் ஏற்றி வைத்துவிட்டு அங்கிருந்து பிடுங்கினால் 1.67 போதும். இப்போது ஹைட்ரஜனோடு பக்கத்தில் வையுங்கள். 3d: ஹைட்ரஜனில் 1.51, பொட்டாசியத்தில் 1.67. கிட்டத்தட்ட மாறவே இல்லை. 4s: ஹைட்ரஜனில் 0.85, பொட்டாசியத்தில் 4.34. ஐந்து மடங்கு.

"3d மேலே ஏறிவிட்டது" என்று பலர் எழுதுவார்கள். அது எங்கும் ஏறவில்லை. ஹைட்ரஜனில் இருந்த இடத்திலேயே கிடக்கிறது. 4s அதைத் தாண்டிக் கீழே விழுந்திருக்கிறது.

லேப் மணி

பொட்டாசியம்னதும் வந்தேன். காலேஜ் லேப்ல வேலை. சுடர் சோதனையில பொட்டாசியம் உப்புக்கு ஊதா வரணும்னு ரெக்கார்டுல எழுதுறாங்க, எங்க பர்னர்ல எப்பவும் மஞ்சளாத்தான் எரியுது. இந்த 4s எலக்ட்ரான் சரியா ஏறலையா, இல்ல உப்பு கெட்டுப்போச்சா? கம்பியை ஹைட்ரோகுளோரிக் அமிலத்துல முக்கி முக்கி எடுத்துட்டோம்.

நிறமாலை

மணி அண்ணே, கேள்வி வேற ஊருக்குப் போயிடுச்சு, ஆனாலும் விடக் கூடாது. உங்க எலக்ட்ரான் ஒழுங்காத்தான் ஏறுது. அந்த மஞ்சள் சோடியத்தோடது, துளி கலந்திருந்தாலும் போதும், மூடிவிடும். நீல கோபால்ட் கண்ணாடி வழியாப் பாருங்க, மஞ்சள் வடிகட்டப்பட்டு ஊதா தெரியும். பொட்டாசியத்தின் வலுவான கோடுகள் 766.5, 769.9 நானோமீட்டர்ல இருக்கு. அது கண்ணுக்கு எட்டும் சிவப்பின் விளிம்பு, சரியாத் தெரியாது. கண்ணுக்குத் தெரியும் ஊதா 404 நானோமீட்டர் பக்கம் வருவது.

நான் மேலே சொன்ன 1.67 எங்கிருந்து வந்தது என்பதற்கும் இதுவே வழி. 766-க்கு அருகிலுள்ள கோடுகள் 4p-யிலிருந்து 4s-க்கு விழும்போது வருபவை, அதாவது 4p என்பது 4s-க்கு 1.61 எலக்ட்ரான் வோல்ட் மேலே. 3d-யிலிருந்து நேராக 4s-க்கு விழும் கோடு சாதாரணமாகக் கிடைக்காது, ஒரு ஃபோட்டான் வெளிவரும்போது l ஒன்றுதான் மாற வேண்டும், இங்கே இரண்டு மாறுகிறது. ஆனால் 3d-யிலிருந்து 4p-க்கு விழலாம். அந்தக் கோடு அகச்சிவப்பில் 1170 நானோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறது, சுமார் 1.06 எலக்ட்ரான் வோல்ட். கூட்டினால் 2.67. 4.34-இலிருந்து 2.67 போனால் 1.67. யாரும் கற்பனை செய்த ஏணிப்படி இல்லை, நிறமாலையில் படித்த எண்.

லேப் மணி

கோபால்ட் கண்ணாடி ஸ்டோர் ரூம்ல ஒண்ணு கிடக்கு, விரிசல் விட்டது. திங்கக்கிழமை பாக்குறேன்.

யாழ் மாணவன்

வணக்கம் அண்ணை. நான் பல்கலைக்கழகத்தில இரண்டாம் வருசம். எனக்கொரு குழப்பம் இருக்குது. 4s இலத்திரன் சராசரியா 3d-ஐ விடத் தூரத்திலதானே இருக்கும்? n கூடினா ஆரை கூடும் எண்டு படிச்சனாங்கள். தூரத்தில இருக்கிற ஆள் எப்பிடிக் கருவுக்குக் கிட்டப் போய் இழுவையைக் கூட உணருவார்?

அதோட இன்னொண்டு. s ஒரு பந்து, p ஒரு டம்பெல், d ஒரு நாலிதழ்ப் பூ எண்டு படம் கீறி விடுறம். இந்த வடிவத்துக்கும் ஆவர்த்தன அட்டவணைக்கும் உண்மையில தொடர்பு இருக்குதோ, இல்லாட்டி அது வேற கதையோ?

கோடிங் குமார்

வடிவம்னு சொன்னதும் என் கதையைச் சொல்லணும். போன மாசம் பைத்தான்ல ஆர்பிட்டால் வரைஞ்சேன். l = 1, m = 1 போட்டா p_x டம்பெல் வரும்னு நினைச்சா, z அச்சைச் சுத்தி ஒரு வடை வந்து நிக்குது. m = −1 போட்டாலும் அதே வடை. m = 0-க்கு மட்டும் டம்பெல். கோடு தப்பா, புத்தகம் தப்பா?

மலைக்கோட்டை வாத்தியார்

கோடு தப்பாக இருக்கும் தம்பி. m = +1 என்றால் p_x, −1 என்றால் p_y, 0 என்றால் p_z. எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது.

நிறமாலை

குமார், உங்கள் கோடு சரி. p_z மட்டும் m = 0-க்கு நேரடியாகப் பொருந்தும். m = +1, −1 இரண்டும் z அச்சைச் சுற்றி எதிரெதிர்த் திசையில் ஓடும் சிக்கலெண் அலைகள். அவற்றின் அடர்த்தியை வரைந்தால் வளையம்தான் வரும். இரண்டையும் கூட்டினால் p_x, கழித்தால் p_y (தேவையான மாறிலிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்). எனவே p_x-க்கு m = +1 என்று ஒற்றை எண் கொடுக்க முடியாது. அதில் +1 பாதி, −1 பாதி. வாத்தியார் சொல்வது புத்தகங்களில் அச்சாகியிருப்பது உண்மைதான், ஆனாலும் எண்ணிக்கை மூன்று என்பதைத் தாண்டி அந்தப் பொருத்தத்துக்கு அர்த்தம் கிடையாது.

இதனால்தான் d_z² மட்டும் நடுவில் மோதிரம் போட்டுக்கொண்டு தனி ஆளாக நிற்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்பேன். நாலிதழ்ப் பூக்களை z²−x², z²−y² என்றும் வரையலாம். அந்த இரண்டையும் கூட்டினால் கிடைப்பதே d_z². ஐந்து இடங்கள் உண்டு என்பது இயற்கை. அவற்றை எந்த ஐந்து படங்களாக வரைவது என்பது நம் வசதி. ஐந்திலும் சமமாக எலக்ட்ரான்களை நிரப்பி அடர்த்தியைக் கூட்டுங்கள், இதழெல்லாம் கரைந்து முழு உருண்டை வரும். நம்பிக்கை இல்லாவிட்டால் குமார் வரைந்து பார்க்கலாம்.

யாழ்த் தம்பிக்கு: அட்டவணைக்கு அந்த இதழ்களின் வடிவம் அநேகமாகத் தேவையில்லை. தேவைப்படுவது கருவிலிருந்து வெளியே போகப் போக அலை எப்படி ஏறி இறங்குகிறது என்பது. 4s அலைக்கு n − l − 1, அதாவது மூன்று உருண்டைக் கணுக்கள். பெரும்பகுதி வெளியே இருந்தாலும், கணுக்களுக்கு உள்பக்கமாகச் சின்னச் சின்ன மேடுகள் உண்டு. கடைசி மேடு கருவின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சிறு மேடுகள் ஆர்கான் கூட்டுக்குள் இருப்பதால் கிட்டத்தட்ட மறைக்கப்படாத கருவைப் பார்க்கின்றன. அங்கே இருக்கும் நிகழ்தகவு கொஞ்சம்தான், ஆனால் இழுப்பு பலமடங்கு. ஆற்றலைக் கீழே இறக்க அது போதும்.

3d-க்கு உருண்டைக் கணு ஒன்றுகூட இல்லை. ஒரே மேடு. கோண உந்தம் l = 2 என்பதால் கருவருகே அதை வெளியே தள்ளும் ஒரு தடுப்பு இருக்கிறது, அலை அங்கே r² போலச் சுருங்கிவிடுகிறது. உங்கள் "n கூடினால் ஆரை கூடும்" என்பது ஹைட்ரஜனில் சரி: 3d-யின் சராசரி ஆரை 10.5 போர் ஆரம், 4s-க்கு 24. பொட்டாசியத்தில் 3d கிட்டத்தட்ட அதே 10-ஐ ஒட்டி நிற்கிறது. 4s மட்டும் ஐந்து போர் ஆரம் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. பொட்டாசிய அணுவில் உண்மையில் வெளியே நிற்பது 3d-தான்.

யாழ் மாணவன்

அப்ப பொட்டாசியத்தில 3d வெளியில, 4s உள்ளுக்க! இதை ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லேல்லை.

இன்னொரு கேள்வி. தவிர்க்கைத் தத்துவம் எண்டுறது இலத்திரன்கள் ஒண்டையொண்டு மின்னால தள்ளுறதால வாறதோ? எங்கட வகுப்பில ஒரு பெடியன் அப்பிடித்தான் அடிச்சுச் சொல்றான்.

நிறமாலை

இல்லை. தள்ளுவிசைதான் காரணம் என்றால் ஹீலியத்தில் இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே 1s-இல் உட்கார்ந்திருக்கவே கூடாது. அங்கே பலமாகத் தள்ளிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டு எலக்ட்ரான்களை இடம் மாற்றினால் மொத்த அலையின் குறி மாற வேண்டும் என்பது எலக்ட்ரானின் பிறவிக் குணம். நான்கு குவாண்டம் எண்களும் ஒன்றாக இருந்தால், இடம் மாற்றினாலும் அதே அலை. குறியும் மாற வேண்டும், அலையும் மாறக் கூடாது என்றால் அது பூஜ்யமாக இருந்தால்தான் முடியும். அப்படி ஒரு நிலை இல்லை என்று பொருள்.

தள்ளுவிசை மட்டும் போதாது என்பதை லித்தியத்தில் கணக்குப் போட்டே காட்டலாம். தவிர்க்கை இல்லாத உலகில் மூன்றாவது எலக்ட்ரானும் 1s-க்கே வரட்டும். தள்ளுவிசையை அப்படியே வைத்துக்கொள்வோம். ஹீலியத்துக்குப் போடும் எளிய மாறுபாட்டுக் கணக்கில், ஒவ்வொரு எலக்ட்ரானும் மற்றொன்றுக்குக் கருவின் மின்சுமையில் 5/16-ஐ மறைக்கிறது. மூன்று எலக்ட்ரான் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தெரியும் மின்சுமை 3 − 2 × 5/16 = 2.375. மொத்தக் கட்டு ஆற்றல் 3 × 13.6 × 2.375², ஏறக்குறைய 230 எலக்ட்ரான் வோல்ட். இதே முறையில் இரண்டு எலக்ட்ரான் கொண்ட Li⁺-க்கு சுமார் 196 வரும். வித்தியாசம் 30-க்கு மேல்.

அதாவது தள்ளுவிசை இருந்தும்கூட லித்தியத்திலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க ஹீலியத்தைவிட (24.6) அதிகம் செலவாகியிருக்கும். உண்மையில் லித்தியத்துக்கு 5.39 போதும். கத்தியால் வெட்டக்கூடிய, தண்ணீரில் போட்டால் கரைந்து வாயு விடும் உலோகமாக அது இருப்பது, மூன்றாமவருக்கு 1s-இல் இடம் மறுக்கப்பட்டதால்தான்.

யாழ் மாணவன்

விளங்கிச்சு. நான் வாசிச்சதில ஒரு புதினம்: பௌலி இதைச் சொன்னது 1925 தொடக்கத்தில. அப்ப ஸ்ரோடிங்கரின்ர சமன்பாடே வரேல்லை, அது 1926. சுழற்சி எண்டு ஊலன்பெக்கும் கௌட்ஸ்மிட்டும் சொன்னதும் 1925 கடைசியிலதான். அப்ப அந்த நாலாவது எண் என்னெண்டு தெரியாமலே சொல்லியிருக்கிறார்.

நிறமாலை

ஆமாம். இரண்டு மதிப்பு எடுக்கும், பழைய இயக்கவியலால் விளக்க முடியாத ஏதோ ஒன்று என்பதோடு நிறுத்திக்கொண்டார். அதற்கு முந்தைய ஆண்டு ஸ்டோனர், காந்தப்புலத்தில் நிறமாலைக் கோடுகள் பிரிவதை வைத்து ஒவ்வொரு உட்கூட்டுக்கும் எத்தனை எலக்ட்ரான் என்று எண்ணி வைத்திருந்தார். அந்த எண்ணிக்கைதான் பௌலிக்குப் பிடிகொம்பு. l கொடுத்தால் m-க்கு 2l + 1 இடம், ஒவ்வொன்றிலும் இரண்டு. s-க்கு 2, p-க்கு 6, d-க்கு 10, f-க்கு 14. ஒரு n-க்கு l = 0 முதல் n − 1 வரை எல்லாவற்றையும் கூட்டினால் 2n²: 2, 8, 18, 32.

கணக்குப்பிள்ளை சார், இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அட்டவணையின் வரிசைகள் 2, 8, 18, 32 என்று போகவில்லை. 2, 8, 8, 18, 18, 32, 32 என்று போகின்றன. தவிர்க்கைத் தத்துவம் ஒவ்வொரு உட்கூட்டிலும் எத்தனை இடம் என்பதை மட்டும் சொல்கிறது. எது எப்போது திறக்கும் என்று அது சொல்வதே இல்லை, அது மறைப்பின் வேலை. மூன்றாம் வரிசை ஆர்கானோடு எட்டில் முடிவது, 3d அந்த நேரத்தில் கூட்டுக்கு வெளியே ஹைட்ரஜன் மாதிரி அலைந்துகொண்டிருப்பதால்.

கணக்குப்பிள்ளை

இவ்வளவும் அவகிட்ட சொன்னேன். பொட்டாசியம் வரைக்கும் தலையாட்டினா. ஆனா ஸ்காண்டியத்தை விட மாட்டேங்குறா. "4s கீழ விழுந்துருச்சுல்ல, அப்ப அங்க ஏன் அது முதல்ல போகுது?"

நிறமாலை

பொட்டாசியத்தில் 4s கீழே. ஸ்காண்டியத்தில் அதே ஒழுங்கு இருக்கும் என்று யார் சொன்னது?

எலக்ட்ரான் எண்ணிக்கையை 19-ஆகவே வைத்துக்கொண்டு, கருவில் மட்டும் புரோட்டான் ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்ப்போம். முதலில் K, அடுத்து Ca⁺, அடுத்து Sc²⁺. மூன்றிலும் ஆர்கான் கூடு, அதற்கு மேல் ஒரே எலக்ட்ரான். அதை 4s-இல் வைத்தால் எவ்வளவு கட்டு ஆற்றல், 3d-யில் வைத்தால் எவ்வளவு என்பது நிறமாலையிலிருந்து தெரியும். K: 4.34, 1.67. Ca⁺: 11.87, 10.18. Sc²⁺: 21.59, 24.76.

பொட்டாசியத்தில் 4s முன்னணி 2.67. கால்சியம் அயனியில் அது 1.69-ஆகக் குறைகிறது. ஸ்காண்டியம் அயனியில் 3d 3.17 முன்னே போய்விட்டது. இரண்டே புரோட்டானில் தலைகீழ். கரு வலுத்ததும் 3d-க்கு இருந்த தடுப்பை மீறி அது உள்ளே இழுக்கப்படுகிறது. நடுநிலை ஸ்காண்டியத்தில் 3d-யின் சராசரி ஆரை சுமார் 1.7 போர் ஆரம், 4s-க்கு சுமார் 4. பத்தில் கிடந்தது இரண்டுக்குள் வந்துவிட்டது.

வாத்தியாரின் பஸ் உவமை இங்கேதான் இடறுகிறது. ஒவ்வொரு பயணி ஏறும்போதும் பஸ்ஸே வேறு பஸ்ஸாகிவிடுகிறது. பொட்டாசியத்திலிருந்து ஸ்காண்டியத்துக்குப் போகும்போது கருவும் மாறுகிறது. ஸ்காண்டியத்தை அயனியாக்கும்போது கரு மாறுவதில்லை. முதலில் நிரம்பியது, முதலில் போவது என்ற இரண்டும் வெவ்வேறு பஸ்ஸில் நடப்பவை.

கோடிங் குமார்

அந்த எண்களை வெச்சு, எலக்ட்ரானுக்குத் தெரியிற மின்சுமை எவ்வளவுன்னு போட்டுப் பார்த்தேன். ஹைட்ரஜன் சூத்திரத்தைத் திருப்பினா n × √(E/13.6).

```python
data = {"K": (4.34, 1.67), "Ca+": (11.87, 10.18), "Sc2+": (21.59, 24.76)}
for name, (s, d) in data.items():
    print(name, round(4*(s/13.6)**0.5, 2), round(3*(d/13.6)**0.5, 2))
```

4s-க்கு 2.26, 3.74, 5.04. 3d-க்கு 1.05, 2.6, 4.05. ஆச்சரியமா இருக்கு, Sc²⁺-லயும் 4s-தான் அதிக மின்சுமையைப் பாக்குது. அப்பவும் 3d கீழ போகுதே?

நிறமாலை

நல்லா போட்டீங்க. அந்த மின்சுமையை வர்க்கப்படுத்தி n²-ஆல் வகுக்க வேண்டும். 4s-க்கு வகுத்தி 16, 3d-க்கு 9. மறைப்பில் 4s-க்கு இருக்கும் சலுகை எப்போதும் ஒன்றைச் சுற்றியே நிற்கிறது. மின்சுமை 1.05-ஆக இருக்கும்போது கூடுதலாக ஒன்று என்பது இரட்டிப்பு. 4-ஆக இருக்கும்போது அது கால்வாசி. கரு வலுக்க வலுக்க n மீண்டும் அதிகாரத்துக்கு வருகிறது, ஹைட்ரஜனின் ஒழுங்கு திரும்புகிறது. K-வுக்கும் Ca-வுக்கும் 4s முந்துவது அட்டவணையின் ஒரு முடுக்கில் நடக்கிற தற்காலிக நிலைமை.

மலைக்கோட்டை வாத்தியார்

ஒரு நிமிடம். ஸ்காண்டியத்தில் 3d கீழே என்றால் மூன்று எலக்ட்ரானும் 3d-க்கே போயிருக்க வேண்டும். 3d³ என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. 3d¹ 4s² தான். சோதனையும் அதைத்தான் சொல்கிறது. நீங்கள் அயனியை வைத்து அணுவைப் பேசுகிறீர்கள்.

நிறமாலை

சார் கேட்டது இந்த இழையிலேயே கூர்மையான கேள்வி. Sc³⁺-இலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பிச் சேர்ப்போம்.

முதல் எலக்ட்ரான் 3d-யில். இரண்டாவதையும் 3d-யில் வைத்தால், 1.7 போர் ஆரத்துக்குள் இரண்டு பேர் நெருக்கிக்கொள்ள வேண்டும், தள்ளுவிசை மிக அதிகம். 4s விசாலமானது, அங்கே வைத்தால் தள்ளுவிசை குறைவு. 3d-க்கு இருந்த 3.17 முன்னணியை இந்த நெருக்கடி தின்றுவிடுகிறது. Sc⁺-இன் தாழ்ந்த நிலை 3d¹ 4s¹. 3d² அதைவிட 0.6 எலக்ட்ரான் வோல்ட் மேலே. மூன்றாவதுக்கும் அதே கதை: 3d¹ 4s² கீழே, 3d² 4s¹ சுமார் 1.43 மேலே.

ஆக 4s-இல் இருவர் உட்கார்ந்திருப்பது 4s ஆழமான இடம் என்பதால் இல்லை. உள்ளே நெருக்கடி என்பதால் வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள். கட்டும் வரிசை Sc³⁺-இலிருந்து பார்த்தால் 3d, 4s, 4s. பிடுங்கும் வரிசை அதன் நேர் தலைகீழ்: 4s, 4s, 3d. உங்கள் மகள் தேடிய முரண்பாடு இங்கே இல்லவே இல்லை சார்.

கணக்குப்பிள்ளை

இதைப் படிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம் "அப்ப 'ஆற்றல் குறைஞ்ச ஆர்பிட்டால்'னு தனியா ஒண்ணு கிடையாது, உள்ள வேற யார் யார் இருக்காங்கன்னு பாத்துத்தான் சொல்லணும்"னா. சரியாங்க?

நிறமாலை

அவ்வளவுதான். ஒரே எலக்ட்ரான் இருக்கும்போதுதான் ஆர்பிட்டாலுக்குச் சொந்தமாக ஓர் ஆற்றல் உண்டு.

மலைக்கோட்டை வாத்தியார்

விளக்கம் நன்றாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் வகுப்பில் அறுபது பிள்ளைகளுக்கு n + l தான் கைகொடுக்கும். குரோமியம், தாமிரம் என்று இரண்டு விதிவிலக்கு சொல்லிவிட்டால் முடிந்தது. அரைநிரம்பலும் முழு நிரம்பலும் நிலைப்புத்தன்மை தரும்.

கோடிங் குமார்

ரெண்டு மட்டும் இல்லையே சார். பலேடியத்தைப் பாருங்க, 4d¹⁰, 5s-ல ஒருத்தரும் இல்ல. அந்த வரிசையில நியோபியம், ருத்தேனியம், ரோடியம்னு நிறைய பேர் விதியை மீறுறாங்க, அதுல நியோபியம் அரைநிரம்பலும் இல்ல, முழு நிரம்பலும் இல்ல. நிறமாலை அண்ணே, n + l விதிக்கு உருப்படியா ஒரு நிரூபணம் இருக்கா?

நிறமாலை

எல்லோரும் ஒத்துக்கொண்ட நிரூபணம் இல்லை. l அதிகமானவை ஏன் தாமதமாகத் திறக்கின்றன என்பதை மறைப்பு விளக்கிவிடும். சரியாக n + l என்ற கூட்டுத்தொகையாகவே ஏன் அமைகிறது என்பது வேறு விஷயம். நிரூபித்துவிட்டதாகச் சொல்பவர்களும் உண்டு, விதிக்கு இத்தனை மீறல் இருக்கும்போது நிரூபிக்க என்ன இருக்கிறது என்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சிப் பக்கம் கொஞ்சம் சாய்வேன்.

அரைநிரம்பலைப் பற்றி: குரோமியத்தில் ஒரே திசைச் சுழற்சியுள்ள ஆறு எலக்ட்ரான்களுக்கு இடையிலான பரிமாற்ற ஆற்றல் உதவுவது உண்மை. ஆனால் அதே குழுவில் கீழே இருக்கும் டங்ஸ்டன் 5d⁴ 6s². அதே "நிலைப்புத்தன்மை" அங்கே எங்கே போனது?

மலைக்கோட்டை வாத்தியார்

டங்ஸ்டன் கனமான அணு, சார்பியல் விளைவால் 6s சுருங்கிவிடும். அது வேறு. என் பாடத்திட்டத்தில் முதல் வரிசை இடைநிலை உலோகங்கள்தான். அதில் குரோமியம், தாமிரம் தவிர எதுவும் பிசகாது. நிக்கல் 3d⁸ 4s², கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம்.

நிறமாலை

சார்பியல் பற்றிச் சொன்னது சரி. ஆனால் நிக்கலை எடுத்திருக்க வேண்டாம் சார்! அதன் மிகத் தாழ்ந்த ஒற்றை மட்டம் 3d⁸ 4s²-ஐச் சேர்ந்தது, உண்மை. அதற்கு வெறும் 0.025 எலக்ட்ரான் வோல்ட் மேலே 3d⁹ 4s¹-இன் மட்டம் வந்து நிற்கிறது, அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றலே அவ்வளவு இருக்கும். ஒவ்வொரு அமைப்பின் நுண்பிளவு மட்டங்களையும் சராசரி எடுத்தால் 3d⁹ 4s¹ தான் கீழே போகிறது. கணக்கீடு செய்பவர்கள் பெரும்பாலும் அந்தச் சராசரியைத்தான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

மலைக்கோட்டை வாத்தியார்

மிகத் தாழ்ந்த மட்டம் எதுவோ அதுதான் அடிநிலை. சராசரி எடுத்து அடிநிலையை மாற்றலாமா? மார்க் போடும்போது 3d⁸ 4s²-க்குத்தான் போடுவேன்.

நிறமாலை

மட்டத்தைக் கேட்டால் உங்களுக்கே மார்க். எலக்ட்ரான் அமைப்பைக் கேட்டால் எனக்கு அரை மார்க்காவது வேண்டும்.

லேப் மணி

நிக்கல் உப்புக்குச் சுடர்ல என்ன கலர் வரும்?